கடைசிப் பக்கத்திலிருந்து எழுதும் மனு

நீர் மாசு குறித்த பொதுநல மனுக்களில் பெரும்பாலும் ஒரு தீர்ப்பு மேற்கோளாக வரும்: சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம், 1991. மாசில்லாத நீரையும் காற்றையும் அனுபவிப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் தீர்ப்பைக் கடைசிவரை படித்திருப்பார்களா என்பது என் சந்தேகம். ஏனென்றால் அந்த வழக்கில் மனுதாரர் தோற்றுப்போனார். பொகாரோ ஆற்றில் நிலக்கரிச் சலவை ஆலையின் கழிவுச் சேறு கலக்கிறது என்பது அவருடைய புகார். ஆனால் அதே சேற்றைப் பல ஆண்டுகளாக விலைகொடுத்து வாங்கிவந்தவர் அவர். இன்னும் கூடுதலாகக் கேட்டிருக்கிறார், நிறுவனம் தரவில்லை. இது வெளியே வந்ததும், சொந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளப் பொதுநலத்தைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், 5,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. நாட்டுக்கே ஒரு நல்ல சட்டக் கோட்பாடு கிடைத்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சட்டம் நம் பக்கம் இருந்தும் மனு தோற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இந்தக் கட்டுரையில் ஒரு பயிற்சியாக அப்படியொரு மனுவை எழுதிப் பார்ப்போம். ஊர் கற்பனை; சட்டமும் நடைமுறையும் உண்மை.

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு மேற்கே ஏரி. ஆயக்கட்டு 62 ஹெக்டேர். ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலின் ஓரத்தில் ஒரு சேகோ ஆலை, அதாவது மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலை இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் பேரூராட்சியின் சாக்கடையும் அதே வாய்க்காலில்தான் விழுகிறது. கிழங்கு அறுவடைக் காலத்தில் ஏரித்தண்ணீர் வெளுத்துப் புளித்த வாடை அடிக்கிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏரிக்குக் கீழே உள்ள கிணறுகளில் தண்ணீர் குடிக்க முடியாமல் போய் ஐந்தாறு ஆண்டுகளாகிவிட்டன.

மனு எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாக ஏரியின் பெருமையிலிருந்து தொடங்குவார்கள். மன்னர் வெட்டியது, முப்போகம் விளைந்தது, தாமரை பூத்தது என்று இரண்டு பக்கம் போகும். கடைசியில் களைத்துப்போய் ஒரே வரியில் முடிப்பார்கள்: 'ஆகவே மேற்படி ஏரியைச் சுத்தம் செய்ய உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அந்தக் கடைசி வரிக்குப் பெயர்தான் பரிகாரம். நீதிபதி முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். தீர்ப்பாக வெளியே வரப்போவதும் ஏறக்குறைய அந்த வரிதான். அதனால் நம் மனுவை அங்கிருந்தே எழுதத் தொடங்குவோம்.

'ஏரியைச் சுத்தம் செய்ய உத்தரவிட வேண்டும்' என்பதில் என்ன குறை? யார் சுத்தம் செய்வது, எதை நிறுத்துவது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இல்லை. அப்படி ஓர் உத்தரவு கிடைத்தாலும் யாரும் அதற்குக் கட்டுப்பட்டவர் ஆகமாட்டார். இதைவிட மோசமான இன்னொரு வரி உண்டு: 'என் கோரிக்கை மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்.' உயர் நீதிமன்றத்தில் இது மிகச் சுலபமாகக் கிடைக்கும். வழக்கு முதல்நாள் விசாரணைக்கு வரும்; அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் சொல்லமாட்டார்; மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்கவும் என்று உத்தரவு போட்டு வழக்கு முடித்துவைக்கப்படும். ஊரில் பட்டாசுகூட வெடிப்பார்கள். கெடு முடியும்போது அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வரும்: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. ஆலையில் ஆய்வு மேற்கொள்ளப்பட்டு உரிய அறிவுரை வழங்கப்பட்டுள்ளது.' நீதிமன்ற உத்தரவு அத்துடன் நிறைவேறிவிட்டது. ஏரியில் ஒரு சொட்டுகூட மாறவில்லை.

நம் பயிற்சி மனுவின் பரிகாரம் இப்படி இருக்கலாம்:

'ஆறாம் எதிர்மனுதாரரின் ஆலையிலிருந்து சர்வே எண் குறிப்பிட்ட வரத்து வாய்க்காலிலும் ஏரியிலும் கழிவுநீர் விடப்படுவதை, 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் 33-ஏ பிரிவின்கீழ் உத்தரவு பிறப்பித்து உடனே நிறுத்துமாறு இரண்டாம் எதிர்மனுதாரரான மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும். பேரூராட்சியின் சாக்கடை வாய்க்காலில் சேர்வதைத் தடுத்துச் சுத்திகரிக்கும் திட்டத்தைக் காலக்கெடுவுடன் தாக்கல் செய்து நிறைவேற்றுமாறு ஐந்தாம் எதிர்மனுதாரருக்கும். ஏரியின் மாசு அளவை மதிப்பிட்டு, மீட்புக்கு ஆகும் செலவை மாசுபடுத்தியவரிடம் வசூலித்து, நான்காம் எதிர்மனுதாரரான நீர்வளத் துறை மூலம் ஏரியை மீட்குமாறு முதல் மூன்று எதிர்மனுதாரர்களுக்கும். அதுவரை கிராமத்துக்குப் பாதுகாப்பான குடிநீர் வழங்குமாறு மூன்றாம் எதிர்மனுதாரரான மாவட்ட ஆட்சியருக்கும் செயலுறுத்தும் நீதிப்பேராணை பிறப்பித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலை அறிக்கை தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும்.'

படிக்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒரு எழுவாய் உண்டு. இதை எழுதிமுடிக்கும்போதே எதிர்மனுதாரர்கள் யார் யார் என்பதும் தானாகத் தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நம் ஏரிக்கு 62 ஹெக்டேர் என்பதால் நீர்வளத் துறையின் செயற்பொறியாளர் வருகிறார். இதைக் கவனிக்காமல் ஒன்றிய ஆணையரைச் சேர்த்தால், 'இந்த ஏரி எங்களுடையது அல்ல' என்ற ஒரே வரியில் பதில் மனு வரும்; பாதி ஆண்டு போய்விடும். ஆலை முதலாளியையும் சேர்த்தே ஆக வேண்டும். அரசை மட்டும் சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. யாருடைய தொழிலை நிறுத்தச் சொல்கிறோமோ அவரைக் கேட்காமல் நீதிமன்றம் எதுவும் செய்யாது.

இனிக் காரணங்கள். மனுவின் இந்தப் பகுதியில்தான் சட்டம் பேசும். பரிகாரத்தில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு காரணம் இருக்க வேண்டும். பரிகாரத்துக்கு உதவாத காரணம் இங்கே இருக்க வேண்டியதில்லை. வாழ்வுரிமை மீறப்படுகிறது, சமத்துவம் மீறப்படுகிறது, இயற்கை நீதி மீறப்படுகிறது என்று கைக்கு வந்ததையெல்லாம் அடுக்குவதைவிட நான்கே காரணங்களை உண்மையோடு முடிச்சுப்போட்டு எழுதுவது மேல்.

முதல் காரணம் ஆலையைப் பற்றியது. நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, வரையறுத்த அளவை மீறிய மாசுப் பொருளை நீரோடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடக்கூடாது என்கிறது. ஏரி எப்படி நீரோடை ஆகும் என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். இயற்கையாக அமைந்ததோ மனிதர் வெட்டியதோ, உள்நாட்டு நீர்நிலை எதுவும் அந்தச் சொல்லில் அடங்கும் என்று சட்டத்தின் 2-வது பிரிவே வரையறுத்திருக்கிறது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் அந்த வாதத்துக்கு இடமில்லை.

இரண்டாம் காரணம் வாரியத்தைப் பற்றியது. 1988-இல் சேர்க்கப்பட்ட 33-ஏ பிரிவு, ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. செய்யலாம் என்றுதானே இருக்கிறது, செய்ய வேண்டும் என்று இல்லையே என்பார்கள். பொதுமக்களின் பாதுகாப்புக்காகத் தரப்பட்ட அதிகாரம் கடமையையும் சேர்த்தே தருகிறது என்பதுதான் இதற்கு நாம் வைக்க வேண்டிய வாதம். இந்தக் காரணம் நிற்க வேண்டுமானால் வாரியத்திடம் முன்பே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். செயலுறுத்தும் பேராணை கேட்கிறவர், 'கேட்டேன், செய்யவில்லை' என்று முதலில் காட்ட வேண்டும் என்பது பழைய விதி. ஆக, கோரிக்கை மனு தேவைதான். ஆனால் அதைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு கேட்பதற்காக அல்ல, மறுத்தார்கள் அல்லது மௌனமாக இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக. பதிவுத் தபால் ஒப்புகைச் சீட்டும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவின் ரசீதும், கிராம சபைத் தீர்மானத்தின் நகலும் இங்கே வந்து அமரும்.

மூன்றாவது, ஏரி அரசின் சொத்து அல்ல, மக்களுக்காக அரசு வைத்திருக்கும் பொறுப்பு என்ற கோட்பாடு. 1996-இல் கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நம் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது. 2006-இல் திருப்பதியின் அவிலாலா, பேரூரு ஏரிகள் பற்றிய வழக்கில் இதே கோட்பாட்டை ஏரிக்குப் பொருத்திப் பேசியது. நம் மனுவுக்கு நெருங்கிய சொந்தம் இரண்டாவது வழக்குதான்.

நான்காவது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வந்த தீர்ப்பு இதற்கு ஆதாரம். பாலாற்றுப் படுகைத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கு. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டவர்களையும் இழப்பீட்டையும் கணக்கிட ஓர் அதிகார அமைப்பு, சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழலுக்கென்று தனி அமர்வு என்று விரிவான தீர்ப்பு. அப்படியும் பாலாறு தெளியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அதே ஆலைக்கழிவு பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இம்முறை வழக்கை முடித்துவிடாமல் கண்காணிப்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. நம் பரிகாரத்தின் கடைசியில் மூன்று மாதத்துக்கு ஒரு நிலை அறிக்கை என்று கேட்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

சாக்கடை விஷயத்துக்கு வருவோம். ஊரில் உள்ளவர்களுக்கு ஆலைமேல்தான் கோபம். பேரூராட்சியைச் சேர்க்கத் தயங்குவார்கள். சேர்க்காமல் விட்டால் ஆலையின் பதில் மனு எப்படி இருக்கும் என்பதை இப்போதே எழுதிக்காட்டலாம்: ஏரி கெட்டது சாக்கடையால், எங்களிடம் சாண எரிவாயு போலக் கழிவிலிருந்தே வாயு எடுக்கும் கலன் இருக்கிறது, ஒரு சொட்டும் வெளியே போவதில்லை. பாதகமான உண்மையை நாமே முதலில் சொல்லிவிட்டால் அது எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகாது. அதோடு, இரண்டு மாசையும் பிரித்துக் காட்டவும் முடியும்.

எப்படி? கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவைத்து, மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். மாவுச்சத்து நிறைந்த அந்தத் தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும், அமிலத்தன்மை கொண்டது. நீரிலுள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவை பி.ஓ.டி. என்பார்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சுத்திகரிக்காத சேகோ கழிவில் அது ஆயிரங்களில் இருக்கும். வாயுக் கலன் அதில் பெரும்பகுதியைக் குறைக்கும். ஆனால் 30-க்குக் கீழே கொண்டுவர அதற்குமேல் காற்றூட்டிச் சுத்திகரிக்க வேண்டும். ஆலையில் அந்த இரண்டாம் கட்டம் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சாக்கடையிலோ இந்தப் புளிப்பு இராது. மலக்குடல் பாக்டீரியா மிகுந்திருக்கும். ஆலைக்கு மேலே வாய்க்காலில் ஒன்று, ஆலைக்குக் கீழே ஒன்று, ஏரி மதகில் ஒன்று என்று மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்தால் யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்பது தெரிந்துவிடும். ஆனால் அரவை நடக்கும் பருவத்தில் எடுக்க வேண்டும். ஆலை ஓடாத மாதத்தில், அதுவும் நல்ல மழைக்குப் பிறகு எடுத்த மாதிரி ஆலைக்கே நற்சான்றிதழ் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. ஊர் இளைஞர்கள் பாட்டிலில் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கிய அறிக்கை நீதிமன்றத்தின் கவனத்தைத் திருப்ப உதவும். அதை வைத்து ஆலையை மூட முடியாது. 21-வது பிரிவின்படி வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படி எடுக்காத ஆலைக்கழிவு மாதிரியின் முடிவு சாட்சியமாக ஏற்கப்படாது. அதனால் பிரதான மனுவோடு ஓர் இடைக்கால மனுவும் போக வேண்டும்: 'வழக்கு முடியும்வரை, மேற்படி மூன்று இடங்களிலும் ஆலையின் வெளியேற்றுக் குழாயிலும் அரவைப் பருவத்தில், மனுதாரருக்கும் தகவல் கொடுத்து, 21-வது பிரிவின்படி மாதிரி எடுத்து நான்கு வாரத்தில் அறிக்கை தாக்கல் செய்ய வாரியத்துக்கு உத்தரவிட வேண்டும்.' என்னைக் கேட்டால் மொத்த வழக்கிலும் மிக முக்கியமான பக்கம் இதுதான். இந்த அறிக்கை வந்துவிட்டால் பிறகு வாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

மற்ற ஆவணங்களை வழக்குக்கு முன்பே திரட்டலாம். ஏரியின் பரப்பும் வகைப்பாடும் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் இருக்கும். ஆலைக்கு வாரியம் கொடுத்த இசைவாணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டு வாங்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு கழிவுநீர், எங்கே விட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். ஆலை சொந்த நிபந்தனையையே மீறியிருக்கிறது என்று காட்டுவதைவிட வலுவான உண்மை வேறு இல்லை.

எந்த நீதிமன்றம் என்பது அடுத்த கேள்வி. சென்னையிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. அறிவியல் தெரிந்த நிபுணர்கள் நீதிபதியோடு உட்காருகிறார்கள். ஆனால் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-வது பிரிவில் வழக்குக்கான காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடும் மீட்பும் கேட்கும் 15-வது பிரிவில் ஐந்து ஆண்டு. நம் ஊரில் ஐந்தாறு ஆண்டாகக் கிணறு கெட்டிருக்கிறது என்று மனுவில் எழுதியவுடனேயே எதிர்த்தரப்பு காலண்டரை எடுத்துவிடும். உயர் நீதிமன்றத்தில் 226-வது பிரிவின்கீழ் இப்படி நாள் கணக்கு இல்லை; மாசு இன்றும் தொடர்கிறது என்று சொன்னால் தாமதம் பெரிய தடையாகாது. 'தீர்ப்பாயம் இருக்க இங்கே ஏன் வந்தீர்கள்' என்று நீதிபதி கேட்பார் என்பதும் நிச்சயம். தீர்ப்பாயம் இருப்பதால் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடவில்லை என்று 2022-இல் மத்தியப் பிரதேச வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது அதிகாரத்துக்கு விடை. இந்த மனு ஏன் இங்கே என்பதற்கு விடை வேறு: தீர்ப்பாயம் அதன் அட்டவணையிலுள்ள ஏழு சட்டங்களைத்தான் பார்க்கும், நாம் குடிநீரும் கேட்கிறோம், பேரூராட்சியின் கடமையையும் கேட்கிறோம். காரணங்களில் ஒரு பத்தி இதற்கு ஒதுக்க வேண்டும்.

மனுதாரர் யார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 2010-இல் பல்வந்த் சிங் சௌஃபால் வழக்கில், பொதுநல மனு போடுகிறவரின் நோக்கத்தையும் பின்னணியையும் முதலில் சரிபார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியது. அதனால் பிரமாணப் பத்திரத்தின் ஆரம்பத்திலேயே தொழில், வருமானம், வழக்குச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, இதே விஷயத்தில் வேறு வழக்கு உண்டா என்பதெல்லாம் சொல்லப்பட வேண்டும். மனுதாரருக்கு ஆயக்கட்டில் இரண்டு ஏக்கர் இருந்தால் மறைக்கத் தேவையில்லை; 'நானும் பாதிக்கப்பட்டவன், ஊரும் பாதிக்கப்பட்டிருக்கிறது' என்று எழுதலாம். ஆலைக்குக் கிழங்கு ஏற்றிப்போய் விலைத் தகராறில் பிரிந்தவர், போட்டி ஆலையில் பங்கு வைத்திருப்பவர், ஆலையிலிருந்து திப்பியை மாட்டுத்தீவனத்துக்கு வாங்கி விற்றவர் ஆகியோர் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. பொகாரோ சேறு வாங்கியவரின் கதைதான் அவர்களுக்கும்.

சென்னை உயர் நீதிமன்ற வழக்கப்படி உண்மைகளும் காரணங்களும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். அதன் மேல் வைக்கும் ரிட் மனுவில் பரிகாரம் மட்டும் சுருக்கமாக இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் கையெழுத்திடுகிறவருக்கு முழுவதையும் தமிழில் படித்து விளக்கியதாகக் கீழே ஒரு குறிப்பு உண்டு. பல இடங்களில் அந்தக் குறிப்பு மட்டும்தான் இருக்கும், விளக்கம் நடந்திராது. விசாரணையில் சட்டத்தை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மதகு எங்கே, எந்த மாதம் மீன் செத்தது என்று நீதிபதி கேட்டால் அவர் திரும்பி மனுதாரரைத்தான் பார்ப்பார். அதனால் உண்மைப் பகுதியை முதலில் தமிழில், தேதி வாரியாக எழுதி, ஊரில் நான்கு பேரிடம் படித்துக்காட்டித் திருத்திய பிறகே மொழிபெயர்க்கக் கொடுக்க வேண்டும்.

உத்தரவு வந்த பிறகு ஒரு தேதி மிச்சமிருக்கிறது. அதிகாரிகள் செய்யாவிட்டால் போடும் நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்கு, அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுதான் கெடு. எந்த நாளில் நடந்தது என்று சொல்ல உத்தரவில் காலக்கெடு இருந்தாக வேண்டும். 'விரைவில்', 'உரிய காலத்தில்' என்று உத்தரவில் இருந்தால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆகவே பரிகாரத்தைத் தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்து, வாரக்கணக்கு இல்லாத இடத்தில் வாரக்கணக்கைச் சேர்த்துவிட வேண்டும். நாம் மேலே எழுதிய வரைவில் சாக்கடைத் திட்டத்துக்கும் ஏரி மீட்புக்கும் அது இன்னும் எழுதப்படவில்லை. திட்டம் தாக்கல் செய்ய எட்டு வாரம், மாசை மதிப்பிடப் பன்னிரண்டு வாரம் என்று கேட்கலாம். குடிநீருக்கு ஒரு வாரம் போதும்.